மனப்பாடத்தைத் தாண்டிக் கேட்கிறதா இந்த வினா? வினாத்தாளைச் சரிபார்க்கப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

வினாத்தாள் ஒன்றின் வரைவைச் சரிபார்க்கும் பொறுப்பு முதன்முறையாக ஒருவரிடம் வரும்போது, அவர் பெரும்பாலும் வினைச்சொற்களைத்தான் தேடுகிறார். ‘யாவை’, ‘எது’, ‘வரையறு’ என்று முடியும் வினாக்களை நினைவாற்றல் என்றும், ‘ஏன்’, ‘விளக்குக’, ‘காரணம் கூறுக’ என்று முடிபவற்றைப் புரிதல் என்றும் பிரித்துவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கிறார். நானும் தொடக்கத்தில் இப்படித்தான் செய்தேன். நான் புரிதல் வினா என்று ஒப்புதல் அளித்த ஒரு ‘ஏன்’ வினாவுக்கு ஒரு வகுப்பின் விடைத்தாள்கள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம், ஒரே சொல்வரிசையில், ஒரே இடத்தில் காற்புள்ளியோடு வந்தபோதுதான் பிழை தெரிந்தது. அந்த வாக்கியம் பாடநூலில் அப்படியே இருந்தது.

வினாவின் வடிவம் அது எதைச் சோதிக்கிறது என்பதைத் தீர்மானிப்பதில்லை. விடை எழுதுபவர் அந்த விடையை ஏற்கெனவே எங்கேனும் முழுமையாகச் சந்தித்திருக்கிறாரா என்பதே தீர்மானிக்கிறது. ஒரே வினா ஒரு வகுப்புக்குப் புரிதல் வினாவாகவும் பக்கத்து வகுப்புக்கு ஒப்பித்தல் வினாவாகவும் இருக்க முடியும். 1956-இல் பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட கற்றல் நோக்கங்களின் வகைப்பாடு, 2001-இல் திருத்தப்பட்டு, நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல் என்ற வரிசையில் பல இடங்களில் பயன்படுகிறது. அந்த வரிசை பயனுள்ளதுதான். ஆனால் அதனுடன் சேர்த்து அச்சிடப்படும் வினைச்சொல் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு வினாக்களை எடைபோடுவது, மருந்தின் பெயரைப் பார்க்காமல் புட்டியின் நிறத்தைப் பார்த்து மருந்து கொடுப்பதைப் போன்றது.

கீழே வரும் முறையை விளக்க, மிதத்தலும் மூழ்குதலும் என்ற அறிவியல் பாடத்தை எடுத்துக்கொள்கிறேன். பாடநூலின் மையக் கருத்து இதுதான்: ஒரு பொருளின் அடர்த்தி, அது இடப்படும் திரவத்தின் அடர்த்தியைவிடக் குறைவாக இருந்தால் மிதக்கும், அதிகமாக இருந்தால் மூழ்கும். அடர்த்தி என்பது நிறையைக் கன அளவால் வகுத்தால் கிடைப்பது. நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1 கிராம்/செ.மீ³. வரைவில் இந்தப் பாடத்திலிருந்து மூன்று வினாக்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம்.

முதலாவது: ‘ஒரு பொருள் நீரில் எப்போது மிதக்கும்?’
இரண்டாவது: ‘இரும்பு ஆணி நீரில் மூழ்குவது ஏன்? விளக்குக.’
மூன்றாவது: ‘நிறை 240 கிராம், கன அளவு 300 செ.மீ³ உள்ள பொருளின் அடர்த்தியைக் கண்டு, அது நீரில் மிதக்குமா எனக் கூறுக.’

முதல் படி: விடையை எழுதி, அதைத் தேடுங்கள்

வினாவைப் படித்தவுடன் மதிப்பிடாதீர்கள். முழு மதிப்பெண் பெறும் விடையை, ஒரு நல்ல மாணவர் எழுதும் நீளத்தில், நீங்களே தாளில் எழுதுங்கள். பிறகு பாடநூலையும், வகுப்பில் கொடுக்கப்பட்ட குறிப்புகளையும், பயிற்சிக் கேள்விகளையும், சில ஆண்டுகளின் பழைய வினாத்தாள்களையும் திறந்து வைத்துக்கொண்டு அந்த விடை எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பாடநூலை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவது போதாது. மாணவர்கள் உண்மையில் படித்துப் பாடம் செய்வது பெரும்பாலும் குறிப்புகளையும் பழைய வினாத்தாள்களையும்தான்.

முதல் வினாவுக்கான விடை பாடநூலில் கட்டம் போட்டே அச்சிடப்பட்டிருக்கும். அதில் ஐயமில்லை. இரண்டாவது வினாதான் ஏமாற்றும். ‘ஏன்’ இருக்கிறது, ‘விளக்குக’ இருக்கிறது, அன்றாடப் பொருள் இருக்கிறது. ஆனால் ‘இரும்பின் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிட அதிகம் என்பதால் இரும்பு ஆணி மூழ்குகிறது’ என்ற வரி இந்தப் பாடத்தின் எடுத்துக்காட்டாகவே இடம்பெற்றிருந்தால், இரண்டாவது வினா முதல் வினாவின் மறுபதிப்புதான். மூன்றாவது வினாவில் எண்கள் புதியவை. எனினும் இதே அமைப்பில் பயிற்சிப் பகுதியில் பத்துக் கணக்குகள் இருந்தால், மாணவர் செய்வது வாய்பாட்டில் எண்களைப் பொருத்துவது மட்டுமே. அது பயனற்றது என்று சொல்லவில்லை, கணக்கிடும் திறனைச் சோதிக்கிறது. ஆனால் அடர்த்தி என்றால் என்னவென்று அவருக்குப் புரிந்திருக்கிறதா என்பதை அது காட்டாது.

தேடும்போது விடையின் சொற்களை மட்டும் தேடாமல், சிந்தனையின் நடையையும் தேடுங்கள். எண்கள் மாறினாலும் நடை அப்படியே இருந்தால் அது பழகிய பாதைதான்.

இரண்டாம் படி: பொருளற்ற சொற்களை இட்டுப் பாருங்கள்

இந்தச் சோதனையை நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். கீழே உள்ள வரியைப் படியுங்கள்.

‘தபுமம் பிசுளும்போது வெகிலங்கள் நொறளும். நொறளிய வெகிலங்களே குமிதியாக மாறும்.’

இனி விடை சொல்லுங்கள்: வெகிலங்கள் எப்போது நொறளும்? குமிதியாக மாறுபவை எவை? இரண்டுக்கும் உங்களால் பிழையின்றி விடை எழுத முடிகிறது. தபுமம் என்றால் என்னவென்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வேற்றுமை உருபுகளும் வினைமுற்றுகளும் விடையைக் கையில் கொடுத்துவிடுகின்றன.

வரைவிலுள்ள வினாவையும் பாடநூலின் தொடர்புடைய வரியையும் எடுத்து, முக்கியக் கலைச்சொற்களை இப்படிப் பொருளற்ற சொற்களாக மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் வினாவுக்கு விடை அளிக்க முடிந்தால், வினா மொழியமைப்பை நினைவில் வைத்திருப்பதைத்தான் கேட்கிறது. ‘இரும்பு ஆணி மூழ்குவது ஏன்?’ என்பது ‘கரும்பி நீரில் துமுளுவது ஏன்?’ என்றானாலும், ‘கரும்பியின் மிசளம் நீரின் மிசளத்தைவிட அதிகம் என்பதால்’ என்று விடை வந்துவிடும். கீழே நாம் எழுதப்போகும் மாற்று வினாவில் இதைச் செய்து பார்த்தால், ‘மிசளம்’ என்றால் என்னவென்று தெரியாமல் ஓர் அடிகூட நகர முடியாது.

மூன்றாம் படி: இரண்டு மாணவர்களை மனத்தில் நிறுத்துங்கள்

ஒருவர் பாடத்தைச் சொல் பிசகாமல் நெட்டுருப் போட்டவர், ஆனால் எதுவும் புரியாதவர். மற்றவர் கருத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர், ஆனால் பாடநூல் வாக்கியங்கள் எதுவும் நினைவில்லாதவர். ஒவ்வொரு வினாவுக்கும் இந்த இருவரும் என்ன எழுதுவார்கள் என்று தனித்தனியே குறித்துப் பாருங்கள். முதலாமவர் முழு மதிப்பெண் பெற்று இரண்டாமவர் இழந்தால், வினாவை மாற்றியாக வேண்டும். இருவரும் பெற்றால், வினா அவர்களைப் பிரித்துக் காட்டவில்லை. இரண்டாமவர் மட்டும் பெறும் வினாதான் நமக்கு வேண்டியது.

சில சமயம் இருவருமே தோற்றுப்போவார்கள். அப்போது வினா கடினமானது என்று மகிழ வேண்டாம். அது பாடத்துக்கு வெளியே உள்ள ஒரு செய்தியைக் கேட்கிறது, அல்லது அதன் மொழி குழப்பமாக இருக்கிறது. ஒரு புதிய சூழலைச் சொல்ல எட்டு வரி எழுதி, அதில் அறிமுகமில்லாத கருவி ஒன்றையும் நுழைத்துவிட்டால், வினா மிதத்தலைச் சோதிக்காமல் வாசிப்பு வேகத்தையும் பொது அறிவையும் சோதிக்கத் தொடங்கிவிடும். புதுமை கருத்து பயன்படும் விதத்தில் இருக்க வேண்டும். சூழலைச் சொல்லும் சொற்கள் எளியவையாகவும் குறைவாகவும் இருக்கட்டும்.

நான்காம் படி: வினாவைத் திருத்துதல்

உளவியலாளர் மாக்ஸ் வெர்த்தைமர், அவர் மறைந்த பின் 1945-இல் வெளிவந்த நூலில், ஒரு வகுப்பறைக் காட்சியை விவரிக்கிறார். இணைகரத்தின் பரப்பைக் காண, மேல் முனைகளிலிருந்து அடிப்பக்கத்துக்குச் செங்குத்துக் கோடுகள் வரையும் முறையை மாணவர்கள் கற்றிருந்தார்கள். பழகிய வடிவில் வந்த கணக்குகளைச் சரியாகச் செய்தார்கள். அவர் இணைகரத்தைத் திருப்பி, வேறு பக்கத்தின் மேல் நிற்பதுபோல வரைந்து காட்டியபோது, பலர் தடுமாறினார்கள். ‘இதை நாங்கள் இன்னும் படிக்கவில்லை’ என்று சிலர் சொன்னார்கள். வடிவம் மாறவில்லை, தேவைப்பட்ட அறிவும் மாறவில்லை. படம் திரும்பியிருந்தது, அவ்வளவுதான். வினாவைத் திருத்தும்போது நாம் செய்ய வேண்டியதும் இதுவே. பாடத்திலுள்ள கருத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அது வந்து நிற்கும் கோணத்தைத் திருப்ப வேண்டும்.

எந்தப் பக்கம் திருப்புவது என்பதற்கு மாணவர்களின் வழக்கமான தவறுகளே வழிகாட்டி. மிதத்தல் பாடத்தில் மிகப் பரவலான தவறான எண்ணம், ‘கனமானது மூழ்கும், இலேசானது மிதக்கும்’ என்பது. வரையறையைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவரிடமும் இந்த எண்ணம் அடியில் அப்படியே இருக்கும். ஆகவே வினா, சரியான கருத்தும் தவறான எண்ணமும் வெவ்வேறு விடைகளைத் தரும் இடத்தில் நிற்க வேண்டும். நம் மூன்றாவது வினாவில் அவை மோதிக்கொள்ளவே இல்லை. அதனால்தான் அது எதையும் வெளிக்கொண்டுவரவில்லை.

இரண்டாவது, மூன்றாவது வினாக்களுக்குப் பதிலாக இப்படி எழுதிப் பார்ப்போம்:

‘அ என்ற கட்டையின் நிறை 200 கிராம், கன அளவு 250 செ.மீ³. ஆ என்ற கட்டையின் நிறை 60 கிராம், கன அளவு 50 செ.மீ³. இரண்டும் உள்ளீடற்றவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரே வகைப் பொருளால் ஆனது. (1) நீரில் இட்டால் எது மிதக்கும்? (2) ஆ கட்டையிலிருந்து 6 கிராம் நிறையுள்ள சிறு துண்டை வெட்டி நீரில் இட்டால் அது மிதக்குமா, மூழ்குமா? காரணம் எழுதுக. (3) ஆ கட்டையை மிதக்கச் செய்ய வேண்டுமானால், கட்டையை எதுவும் செய்யாமல் வேறு எதை மாற்றலாம்?’

முதல் பகுதியில் கனமான கட்டை மிதக்கிறது, இலேசான கட்டை மூழ்குகிறது. ஏனெனில் அ-வின் அடர்த்தி 0.8, ஆ-வின் அடர்த்தி 1.2. எடையைப் பார்த்து முடிவு செய்பவர் இங்கேயே தவறுவார். ஆனால் வாய்பாட்டில் எண்களைப் பொருத்துபவர் தப்பித்துவிடுவார். அவரைப் பிடிப்பதற்குத்தான் இரண்டாம் பகுதி. 6 கிராம் துண்டின் கன அளவு வேண்டுமென்றே கொடுக்கப்படவில்லை. வெட்டினாலும் அடர்த்தி மாறாது என்று உணர்ந்தவருக்கு அது தேவையில்லை. உணராதவர் ‘விவரம் போதாது’ என்று எழுதுவார், அல்லது ‘6 கிராம்தானே, மிதக்கும்’ என்று எழுதுவார். இந்த இரண்டு தவறுகளும் வெவ்வேறு செய்திகளைச் சொல்கின்றன என்பதால், திருத்தும்போது அவற்றைத் தனித்தனியே எண்ணி வைத்துக்கொள்வது நல்லது. மூன்றாம் பகுதி கருத்தைத் தலைகீழாகத் திருப்புகிறது. பாடம் திரவத்தை மாறாததாக வைத்துக்கொண்டு பொருள்களைப் பற்றிப் பேசியது. இங்கே பொருள் மாறாமல் திரவம் மாற வேண்டும். 1.2-ஐ விட அடர்த்தி மிகுந்த ஏதேனும் ஒரு திரவம் என்பதே விடை. திரவத்தின் பெயரைக் கேட்டால் அது மீண்டும் செய்தியறிவாகிவிடும், ஆகவே கேட்கவில்லை.

அந்த ‘உள்ளீடற்றவை அல்ல’ என்ற தொடர் முதல் வரைவில் எனக்குத் தோன்றவில்லை. அது இல்லாவிட்டால், கட்டைக்குள் வெற்றிடம் இருக்கலாமே என்று யோசிக்கும் மாணவர், அதாவது எல்லோரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டவர், இரண்டாம் பகுதியில் தண்டிக்கப்படுவார். புரிதல் வினாக்களில் இப்படிப்பட்ட கண்ணிகள் உண்டு. வினாவை எழுதியவரின் கண்ணில் அவை பெரும்பாலும் படுவதில்லை.

முதல் வினாவை என்ன செய்வது? அப்படியே இருக்கட்டும் என்பேன். வரையறை தெரிவதும் தேவைதான். தவிர, அது ஒப்பீட்டுக்கு உதவும் என்பதைக் கடைசிப் படியில் காணலாம்.

தெரிவு விடை வினாக்கள்

நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களில் சரிபார்ப்பு விடைகளிலிருந்து தொடங்க வேண்டும். சரியான விடை மட்டும் பாடநூலின் மொழியிலும், மற்ற மூன்றும் வினா எழுதியவரின் சொந்த மொழியிலும் இருந்தால், மாணவர் காதுக்குப் பழகிய ஓசையை வைத்தே தேர்ந்தெடுத்துவிடுவார். இதைத் தலைகீழாக்குங்கள். சரியான விடையைப் பாடநூல் சொல்லாத சொற்களில் எழுதி, தவறான விடைகளில் ஒன்றில் பாடநூலின் தொடரைப் பொருந்தாத முறையில் வையுங்கள். மேலும், ஒவ்வொரு தவறான விடையின் பக்கத்திலும் ‘எப்படி நினைப்பவர் இதைத் தேர்ந்தெடுப்பார்?’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் அந்த விடை இடம் நிரப்பத்தான் நிற்கிறது.

ஐந்தாம் படி: விடைக்குறிப்பைச் சரிபாருங்கள்

நல்ல வினாவைக் கெட்ட விடைக்குறிப்பு ஒப்பித்தல் வினாவாக மாற்றிவிடும். இது நான் அதிகம் கண்ட குறை. வினாத்தாளைப் பலர் கூடிப் பார்ப்பார்கள். விடைக்குறிப்பை ஒருவர் அவசரமாக எழுதுவார். மேலே உள்ள வினாவின் இரண்டாம் பகுதிக்கு 3 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டு, குறிப்பில் ‘அடர்த்தி நீரைவிட அதிகம் என்பதால் மூழ்கும் – 3’ என்று எழுதினால், எதுவும் யோசிக்காமல் பாடநூல் வாக்கியத்தை இறக்கிவைத்தவருக்கும் 3 கிடைத்துவிடும். மூழ்கும் என்ற முடிவு பாதிக்குப் பாதி ஊகத்திலேயே வரக்கூடியது.

ஆகவே இப்படிப் பிரியுங்கள்: மூழ்கும் என்ற முடிவுக்கு 1, துண்டின் அடர்த்தியும் முழுக் கட்டையின் அடர்த்தியும் ஒன்றே என்று எந்தச் சொற்களிலாவது சொன்னால் 1, அதை நீரின் அடர்த்தியோடு ஒப்பிட்டால் 1. ‘எந்தச் சொற்களிலாவது’ என்பதைக் குறிப்பிலேயே எழுதிவிட வேண்டும். ‘நிறை குறையும்போது அதே அளவில் இடமும் குறைந்துவிடுகிறது’ என்று தன் மொழியில் எழுதிய மாணவருக்கு, ‘அடர்த்தி’ என்ற சொல் இல்லை என்பதற்காக மதிப்பெண் குறைக்கும் திருத்துநர் உண்டு. ஏற்கத்தக்க விடைகளுக்கு இரண்டு மாதிரிகளும், ஏற்கக் கூடாத ஆனால் அழகாகத் தோன்றும் விடைக்கு ஒரு மாதிரியும் குறிப்பில் இருந்தால், பலர் திருத்தினாலும் அளவுகோல் பெரிதும் மாறாது.

ஆறாம் படி: சிலரிடம் கேட்டுப் பாருங்கள், பிறகு எண்ணிப் பாருங்கள்

தேர்வு எழுதப் போகாத, அதே பாடத்தைப் படித்த நான்கைந்து பேரிடம் வினாவைக் கொடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். விடை சரியா தவறா என்பதைவிட, ‘இந்த விடைக்கு எப்படி வந்தாய்?’ என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில் முக்கியம். ‘புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது’, ‘சார் சொன்னாங்க’ என்று ஒருவர் சொன்னால் வினா இன்னும் நினைவாற்றலில்தான் நிற்கிறது. ‘வெட்டினாலும் அதே பொருள்தானே’ என்று ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னால், வினா வேலை செய்கிறது. இப்படிக் கேட்க முடியாத சூழலில், பாடத்தைக் கற்பிக்காத சக ஆசிரியர் ஒருவரைக் கொண்டு செய்யலாம். ஆனால் அது பாதிப் பயன்தான் தரும், பெரியவர்கள் மாணவர்களைப் போலத் தவறு செய்வதில்லை.

தேர்வுக்குப் பிறகு, வரையறை கேட்ட முதல் வினாவையும் திருத்திய புதிய வினாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொருவரும் எதில் சரி, எதில் தவறு என்று நான்கு கட்டங்களில் எண்ணுங்கள். நாற்பது பேரில் வரையறையில் முப்பத்து நால்வரும், துண்டு வினாவில் பதினைவரும் சரியாக எழுதியிருக்கிறார்கள், இந்தப் பதினைவரும் அந்த முப்பத்து நால்வருக்குள் அடக்கம் என்று கொள்வோம். மீதமுள்ள பத்தொன்பது பேர் வாக்கியத்தை அறிந்தும் கருத்தை அடையாதவர்கள் என்று தெரிகிறது. அவர்களுக்கு மறுபடி வரையறையைச் சொல்லிப் பயனில்லை. மாறாக, வரையறை தெரியாத பலர் துண்டு வினாவைச் சரியாக எழுதியிருந்தால், அந்த வினா பாடமே இல்லாமல் பொது அனுபவத்தால் விடையளிக்கக் கூடியதா என்று ஐயப்பட வேண்டும். இரண்டு வினாக்களிலும் அதே ஆட்களே சரியாகவும் அதே ஆட்களே தவறாகவும் எழுதியிருந்தால், புதிய வினா பழையதைவிடக் கூடுதலாக எதையும் சொல்லவில்லை.

இவ்வளவு செய்து தேர்ந்தெடுத்த வினாவுக்கும் ஆயுள் குறைவு. தேர்வு முடிந்த வாரத்திலேயே அது குறிப்பேடுகளுக்குள் நுழைந்துவிடும். அடுத்த ஆண்டு ‘6 கிராம் துண்டு மூழ்கும், ஏனெனில் வெட்டினாலும் அடர்த்தி மாறாது’ என்பது ஒப்பிக்க வேண்டிய வரிகளில் ஒன்றாகியிருக்கும். ஆகவே வினா வங்கியில் ஒவ்வொரு வினாவுக்கும் அது பயன்பட்ட ஆண்டைக் குறித்துவைத்து, அடுத்த முறை எடுக்கும்போது முதல் படியிலிருந்து மீண்டும் சரிபாருங்கள். இணைகரத்தைத் திருப்பியதுபோல் இன்னொரு முறை திருப்ப வேண்டியிருக்கும்: துண்டை வெட்டுவதற்குப் பதிலாக, அ கட்டையையும் ஆ கட்டையையும் ஒட்டி ஒன்றாக இட்டால் என்ன ஆகும் என்று கேட்கலாம். மொத்த நிறை 260 கிராம், மொத்தக் கன அளவு 300 செ.மீ³, மிதக்கும்.